பர்னரின் சிவப்புப் பட்டனை மறுபடி அழுத்தும் முன்

சேலத்திலும் ஏற்காட்டிலும் டீசல் பாய்லர் வைத்திருக்கும் இடங்களுக்குப் பர்னர் வேலைக்குப் போகிறவன் நான். ஒரு இடத்தில் தங்கும் விடுதிக்குக் குளிக்க வெந்நீர், இன்னொரு இடத்தில் சலவைக்குச் சுடுநீர் என்று பயன் மாறும். போனில் வரும் புகார் மட்டும் மாறுவதில்லை. "சிவப்பு லைட் வந்துருச்சுங்க. அஞ்சாறு வாட்டி அமுக்கியும் பாத்தாச்சு. பத்தவே மாட்டேங்குது."

அந்த "அஞ்சாறு வாட்டி" என்பதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசையும். பர்னர் பற்றாமல் நின்றது பழுதுதான், சரி செய்துவிடலாம். அதற்குப் பிறகு ஐந்தாறு முறை பட்டனை அழுத்தியதில்தான் ஆபத்து இருக்கிறது. அந்தப் பட்டன் எதற்காக இருக்கிறது என்பதை யாரும் பொறுமையாக உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. பாய்லரைப் பொருத்தியவர் "சிவப்பு எரிஞ்சா இதை அமுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அதோடு பாடம் முடிந்திருக்கும்.

கிணற்று மோட்டார் பழக்கம்

நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு மோட்டார் என்றால் முதலில் பழக்கமானது கிணற்று மோட்டார்தான். கரண்ட் குறைந்தால் ஸ்டார்ட்டர் விழுந்துவிடும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பச்சைப் பட்டனை அழுத்துவோம். பிடிக்கவில்லை என்றால் மறுபடி அழுத்துவோம். நான்காவது முறை பிடித்துக்கொள்ளும். வீட்டில் மின்சாரம் விழுந்தாலும் பலகையில் சுவிட்சை மேலே தள்ளுவதுதான் முதல் வேலை.

இந்தப் பழக்கம்தான் பாய்லர் அறைக்குள்ளும் வருகிறது. ஆனால் கிணற்று மோட்டாரில் நான்கு முறை அழுத்தினால் மோட்டார் சூடாகும், அவ்வளவுதான். பர்னரில் ஒவ்வொரு அழுத்தலும் அடுப்புக்குள் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறது. பற்றாத டீசல் எங்கும் போய்விடுவதில்லை. அங்கேயே கிடக்கிறது.

கேஸ் அடுப்புக்கு முன்னால் நிற்கும் அம்மா

இதைப் புரிந்துகொள்ள நம் சமையலறையே போதும். அம்மா கேஸ் அடுப்பைத் திருகி லைட்டரை அடிக்கிறார். பற்றவில்லை. இரண்டு மூன்று முறை அடித்துப் பார்க்கிறார், இன்னும் பற்றவில்லை. உடனே திருகை மூடிவிடுவார். ஜன்னலைத் திறப்பார். "சிலிண்டர் தீந்துருச்சா, லைட்டர் போயிருச்சா" என்று பார்ப்பார். கேஸைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் லைட்டரை அடித்துக்கொண்டிருக்க மாட்டார். அப்படிச் செய்தால் கடைசியில் பற்றும்போது "பப்" என்று முகத்துக்கு நேரே வரும் என்பது அவருக்குத் தெரியும்.

பர்னரின் பக்கத்தில் உள்ள சின்னப் பெட்டி, அந்த அம்மா செய்வதை அப்படியே செய்கிறது. அதைக் கன்ட்ரோல் பெட்டி என்பார்கள். எண்ணெயைத் திறக்கும், பொறியை அடிக்கும், சில நொடிகள் காத்திருக்கும். தீ தெரியவில்லை என்றால் எண்ணெயை மூடிவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு ஆள் வந்து பார்த்து, தன் கையால் பட்டனை அழுத்தும் வரை அது தானாக மறுபடி முயலாது. இந்த நிலைக்குப் பெயர் லாக்அவுட். பூட்டிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்புப் பட்டன் அந்தப் பூட்டைத் திறக்கிறது. பழுதை அது எந்த வகையிலும் சரி செய்வதில்லை.

சுருக்கமாக: சிவப்பு விளக்கு எரிந்தால், பெட்டி தீயை எதிர்பார்த்துக் காத்திருந்து, அது தெரியாததால் எண்ணெயை மூடியிருக்கிறது. பட்டனை அழுத்துவது என்றால் "நான் பார்த்துவிட்டேன், மறுபடி எண்ணெயைத் திற" என்று நாம் அதற்குக் கொடுக்கும் உத்தரவு.

உள்ளே என்ன வரிசையில் நடக்கிறது

விடுதிகளில் இருக்கும் சின்ன டீசல் பர்னரை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஆறியதும் தெர்மோஸ்டாட் "சூடு வேண்டும்" என்று சொல்கிறது. முதலில் மோட்டார் ஓடும். அந்த ஒரே மோட்டார்தான் காற்றாடியையும் எண்ணெய் பம்பையும் சுற்றுகிறது. ஆனால் எண்ணெய் உடனே உள்ளே போகாது. ஏறக்குறைய 12, 13 நொடிகள் வெறும் காற்று மட்டும் அடுப்புக்குள் வீசும். முந்தின முறை மிஞ்சிய ஆவி ஏதாவது இருந்தால் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளுவதற்காக இந்த ஏற்பாடு. அம்மா ஜன்னலைத் திறப்பது இதுதான்.

இதற்குள் இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே பொறி அடிக்கத் தொடங்கியிருக்கும். எலக்ட்ரோடு என்பது பீங்கானுக்குள் செருகிய கம்பி. இரண்டு கம்பி முனைகளுக்கும் நடுவே 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். உயர் மின்னழுத்தம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது நீலப் பொறி வரும். "கிர்ர்" என்ற சத்தம் வெளியே நிற்பவருக்கும் கேட்கும்.

அடுத்து "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். சொலினாய்டு வால்வு திறக்கிறது. கரண்ட் வந்தால் திறந்து, கரண்ட் போனால் மூடிக்கொள்ளும் எண்ணெய்க் குழாய் அது. பம்ப் தரும் 10 பார் அளவு அழுத்தத்தில் டீசல் நாசிலுக்குப் போகிறது. நாசில் என்பது தலைமுடியைப் போன்ற மெல்லிய துளையுள்ள பித்தளை முனை. அதிலிருந்து டீசல் பனிமூட்டம் போலத் தூவலாக வெளிவரும். டீசலை ஒரு கிண்ணத்தில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினால் அவ்வளவு லேசில் பற்றாது. இப்படித் தூவலாக்கிவிட்டால் பொறியே போதும்.

கடைசியாக போட்டோசெல். மெக்கானிக்குகள் இதைக் "கண்" என்றே சொல்வோம். சுண்டுவிரல் அளவு இருக்கும், முனையில் கண்ணாடி. இருட்டில் கரண்ட் போக மிகவும் தடுக்கும், வெளிச்சம் பட்டால் தடை குறைந்து கரண்டை விடும். தீயின் வெளிச்சம் பட்டதும் கன்ட்ரோல் பெட்டிக்கு "எரிகிறது" என்ற செய்தி போகிறது. வால்வு திறந்ததிலிருந்து இந்தச் செய்திக்காகப் பெட்டி காத்திருக்கும் நேரம் பாதுகாப்பு நேரம். சின்ன பர்னர்களில் அது பெரும்பாலும் 5 அல்லது 10 நொடி. அதற்குள் கண் எதையும் பார்க்கவில்லை என்றால் வால்வு மூடும், மோட்டார் நிற்கும், சிவப்பு எரியும்.

ஒன்றைக் கவனியுங்கள். தீ எரிகிறதா என்பது பெட்டிக்கு நேரடியாகத் தெரியாது. கண் சொல்வதை மட்டுமே அது நம்பும். தீ வராவிட்டாலும் பூட்டிக்கொள்ளும். தீ வந்து, கண் கரி பிடித்துக் குருடாகி இருந்தாலும் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அதே சிவப்பு விளக்குதான். ஆனால் இரண்டும் வேறு வேறு பழுது.

ஒரு அழுத்தலில் எவ்வளவு டீசல்

மணிக்கு 6 லிட்டர் எரிக்கும் பர்னர் என்று வைத்துக்கொள்வோம். சில அறைகள் உள்ள விடுதிக்கு இது வழக்கமான அளவு. 6 லிட்டர் என்பது 6000 மில்லி. ஒரு மணி நேரத்தில் 3600 நொடி. பாதுகாப்பு நேரம் 10 நொடி என்றால், தீ பற்றாத ஒவ்வொரு முயற்சியிலும் ஏறக்குறைய 17 மில்லி டீசல் அடுப்புக்குள் போகிறது. ஒரு பெரிய மேசைக்கரண்டிதானே என்று தோன்றும். ஆறு முறை அழுத்தினால் 100 மில்லி, அதாவது அரை டம்ளர்.

அந்த அரை டம்ளர் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 1 கனமீட்டர் காற்று வேண்டும். இந்த அளவு பாய்லரின் அடுப்பறை அதில் ஒரு சின்னப் பங்குதான் இருக்கும். சற்று முன்வரை ஓடிச் சூடாக இருக்கும் அடுப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். தரையிலும் சுவரிலும் ஒட்டிய டீசல் ஆவியாகி அறையை நிரப்பும். ஏழாவது முறை பொறி ஒழுங்காக விழுந்தால், புதிதாக வரும் தூவலோடு சேர்ந்து இந்தப் பழைய டீசலும் ஆவியும் ஒரே நேரத்தில் பற்றும். முன்கதவு பிய்த்துக்கொண்டு திறந்ததையும், புகைபோக்கிக் குழாய் மூட்டு கழன்று அறை முழுக்கக் கரி அடித்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு முறை, கதவுக் கண்ணாடி வழியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவரின் புருவம் கருகியது. கண் தப்பியது பெரிய விஷயம்.

முதலில் 12 நொடி காற்று வீசித் தள்ளுகிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். ஆவியை அது தள்ளும். தரையில் தேங்கிய எண்ணெயை அதனால் தள்ள முடியாது.

சுருக்கமாக: பற்றாத ஒவ்வொரு அழுத்தலும் ஒரு கரண்டி டீசலைச் சேர்க்கிறது. கடைசியில் பற்றும்போது எல்லாம் சேர்ந்து பற்றும்.

அழுத்தும் முன்

சிவப்பு விளக்கைப் பார்த்ததும் முதலில் ஒரே ஒரு கேள்வி: ஏற்கெனவே யாராவது அழுத்தினார்களா? விடுதிகளில் இது நடக்கும். இரவுக் காவலர் மூன்று முறை அழுத்திவிட்டுப் போயிருப்பார், காலையில் வந்தவர் தான்தான் முதலில் அழுத்துவதாக நினைப்பார். கேட்டுவிட வேண்டும். பல முறை அழுத்தியது தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள், எண்ணெய் வால்வை மூடுங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கதவைத் திறந்து தேங்கிய எண்ணெயைத் துடைத்த பிறகே அந்தப் பர்னரைப் பற்றவைக்க வேண்டும். தேங்கிய டீசலை எரித்துவிடலாம் என்று துணியைக் கொளுத்தி உள்ளே போடுவதைச் சிலர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

யாரும் அழுத்தவில்லை என்றால், கண்ணாடித் துளை வழியாக அடுப்புக்குள் பாருங்கள். இருட்டாக இருந்தால் நல்லது. வெள்ளையாக மூட்டம் சுழன்றால் அது எரியாத டீசல் ஆவி. வெளியே போய்ப் புகைபோக்கியையும் பாருங்கள். எரியாத டீசல் வெண்புகையாக வரும். ஏற்காட்டில் காலை நேரத்தில் மலையே வெண்புகையாகத்தான் இருக்கும், கண்ணை நம்ப முடியாது. மூக்கை நம்புங்கள். பனிக்கு வாடை கிடையாது, டீசலுக்கு உண்டு. மூட்டமோ கடுமையான வாடையோ இருந்தால் பட்டனில் கை வைக்கக் கூடாது.

அப்புறம்தான் டீசல் டேங்க். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மலையேறிப் போய்ப் பார்த்தால் டேங்க் காலியாக இருந்த நாட்கள் எனக்குப் பல உண்டு. அளவுக் குழாயை மட்டும் நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள், அளவுக் குழாய் அடைத்துக்கொண்டு பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும். டேங்க் அடியில் உள்ள வால்வு திறந்திருக்கிறதா, வழியில் உள்ள ஃபில்டர் கிண்ணத்தில் டீசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் தெளிவாக ஒரு கோடு தெரிந்து, கோட்டுக்குக் கீழே நிறம் மாறியிருந்தால் அது தண்ணீர். டீசலைவிடத் தண்ணீர் கனமானது, எப்போதும் அடியில்தான் நிற்கும்.

டேங்க் ஒரு முறை வறண்டுபோய் மறுபடி நிரப்பியிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கும். இதை ஏர் லாக் என்பார்கள். பம்ப் காற்றைத்தான் இழுக்கும், டீசல் வராது. பட்டனைப் பல முறை அழுத்தியே காற்றை வெளியேற்றப் பார்ப்பவர்கள் உண்டு. "எண்ணெய்தான் வரலையே, அமுக்கினா என்ன ஆகும்" என்பது அவர்கள் கணக்கு. ஆனால் காற்று ஒரேயடியாகப் போவதில்லை. நடுவில் டீசல் துப்பித் துப்பி வரும், ஒழுங்கான தூவலாக இருக்காது, பற்றாமல் உள்ளே விழும். பம்பிலேயே காற்று எடுப்பதற்கென்று ஒரு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்தினால் நுரையோடு வரும் டீசலை அடுப்புக்கு அனுப்பாமல் ஒரு பாட்டிலில் பிடித்துவிடலாம். இதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து ஒரு முறையாவது காட்டித் தந்த பிறகு செய்யுங்கள்.

இன்னொன்று கரண்ட். வோல்டேஜ் மிகவும் குறைந்திருந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், பம்ப் அழுத்தம் வராது, பொறியும் வலுவிழக்கும். அறை விளக்கு மங்கலாக இருந்தால் வோல்டேஜ் தேறும் வரை காத்திருங்கள்.

கடிகாரத்தோடு ஒரே ஒரு முறை

மேலே சொன்னதில் எதுவும் தவறாகத் தெரியவில்லை என்றால், ஒரு முறை அழுத்தலாம். அடுப்புக் கதவுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். போனில் நொடிக் கடிகாரத்தை ஓட விடுங்கள். சில பழைய கன்ட்ரோல் பெட்டிகள் உள்ளே ஆற வேண்டும், பூட்டிக்கொண்டு ஒரு நிமிடமாவது ஆன பிறகே பட்டனை ஏற்கும். அழுத்தியது பிடிக்கவில்லை என்றால் குத்திக்கொண்டிருக்காமல் பொறுங்கள்.

இந்த ஒரு முறை, பற்ற வைப்பதற்காக மட்டும் அல்ல, எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்பதற்காகவும்தான். பர்னர் நின்ற நொடி என்ன என்று யாராவது சொன்னால், பாதிப் பழுதை நான் சேலத்தில் இருந்தபடியே கண்டுபிடித்துவிடுவேன்.

மோட்டாரே சுற்றவில்லை, சத்தமே இல்லை என்றால் கரண்ட் வரவில்லை, அல்லது வேறு ஒரு பாதுகாப்புத் தடுத்திருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் நிறுத்தும் சுவிட்ச் பல பாய்லர்களில் தனியாக இருக்கும், அதற்கும் தனிப் பட்டன் உண்டு. மோட்டார் "உம்" என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டாரின் கப்பாசிட்டர் போயிருக்கும்.

மோட்டார் ஓடுகிறது, 12, 13 நொடி கழித்து வால்வு "டக்" என்கிறது, தீ வரவில்லை, இன்னொரு 10 நொடியில் நிற்கிறது என்றால் எண்ணெய் வரவில்லை, அல்லது பொறி இல்லை. "கிர்ர்" சத்தம் கேட்டிருந்தால் பெரும்பாலும் எண்ணெய்ப் பக்கம் பாருங்கள்: டேங்க், ஃபில்டர், காற்று, தண்ணீர், நாசில் அடைப்பு. சத்தம் கேட்கவில்லை என்றால் எலக்ட்ரோடு பக்கம். பீங்கானில் விரிசல் விட்டிருந்தால் பொறி முனைக்குப் போகாமல் வழியிலேயே இறங்கிவிடும்.

தீ வருகிறது, கண்ணாடியில் வெளிச்சம் தெரிகிறது, சரியாக 10 நொடியில் துண்டிக்கிறது என்றால் எண்ணெயும் பொறியும் நன்றாக இருக்கின்றன. கண்ணைப் பாருங்கள்.

வால்வு திறப்பதற்கு முன்பே, வெறும் காற்று வீசும்போதே பூட்டிக்கொள்கிறது என்றால், தீ இருக்கக் கூடாத நேரத்தில் கண் வெளிச்சத்தைப் பார்க்கிறது. மூடி கழன்று வெயில் படலாம். அல்லது வால்வு சரியாக மூடாமல் நாசில் சொட்டி உள்ளே ஏதோ எரிந்துகொண்டிருக்கலாம். இரண்டாவது காரணம் மிகவும் ஆபத்தானது, அதற்கு மேல் நீங்கள் எதையும் தொட வேண்டாம்.

சுருக்கமாக: முதலில் பார், பிறகு ஒரே முறை அழுத்து, எந்த நொடியில் நின்றது என்று குறி. அந்த ஒரு முறையும் பூட்டிக்கொண்டால் இரண்டாவது முறை கிடையாது.

ஏற்காட்டில் ஒரு விடியற்காலை

டிசம்பர் மாதம் ஒரு நாள் காலை ஐந்தரை மணி. ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் பராமரிப்பாளர் கூப்பிட்டார். என்னைவிட மூத்தவர். அறைகள் நிறைந்திருக்கின்றன, வெந்நீர் இல்லை, சிவப்பு எரிகிறது.

"எத்தனை வாட்டி அமுக்குனீங்கண்ணா?"

"ரெண்டு வாட்டி, தம்பி. ரெண்டு வாட்டியும் பத்துச்சு. பத்தி அணைஞ்சுருச்சு."

பற்றி அணைந்தது என்ற அந்த ஒரு வார்த்தையில் எனக்கு மூச்சு வந்தது. தீ வந்திருக்கிறது என்றால் போன டீசல் எரிந்திருக்கிறது, உள்ளே தேங்கவில்லை. ஆனாலும் வெண்மூட்டம் இருக்கிறதா, வாடை வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை என்றார். டேங்கில் பாதிக்கு மேல் டீசல். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பர்னர் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவுக்குப் பக்கவாட்டில் நின்று ஒரு முறை மட்டும் அழுத்தச் சொன்னேன். நான் இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். மோட்டார் ஓடியது. பதின்மூன்றாவது நொடியில் "டக்", உடனே தீயின் "புஸ்" என்ற இரைச்சல். மனதில் எண்ணினேன். பத்து வந்ததும் எல்லாம் அடங்கியது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கண்ணை உருவச் சொன்னேன். பெரும்பாலான பர்னர்களில் அது திருகுகூட இல்லாமல் செருகியிருக்கும், இழுத்தால் வந்துவிடும். உருவும் முன் அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன், திருப்பிப் போட்டால் தீ தெரியாது. கண்ணாடி முனை கரியால் அடைத்திருந்தது. "அடுப்பங்கரை சட்டி மாதிரி இருக்குது தம்பி" என்றார். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, படத்தில் இருந்தபடியே செருகி, சுவிட்சைப் போட்டு ஒரு முறை அழுத்தினார். தீ வந்தது, பத்தைத் தாண்டியது, அணையாமல் எரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண் வேலை செய்யாதபோது, அதை வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தைக் காட்டி ஓட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பெட்டியிடம் "எரிகிறது" என்று பொய் சொல்வது அது. அப்படி ஓடும்போது தீ அணைந்தால் எண்ணெயை மூடுவதற்கு யாரும் இல்லை. மணிக்கு 6 லிட்டர் என்ற கணக்கில் டீசல் கொட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை அறைக்கு வெந்நீர் வேண்டுமானாலும் இதை மட்டும் செய்யாதீர்கள்.

கரி எங்கிருந்து வந்தது

கண்ணைத் துடைத்ததும் வேலை முடிந்ததாக அவர் நினைத்தார். ஆனால் ஒழுங்காக எரியும் டீசல் பர்னரில் கண் இவ்வளவு கரி பிடிக்காது. ஒரு மாதம் முன்புதான் அந்தப் பர்னரைக் கழற்றிச் சேலத்துக்கு எடுத்து வந்து, ஒரு பட்டறையில் சர்வீஸ் செய்து, அங்கேயே ஓட்டிப் பார்த்து, காற்றையும் செட் செய்து மேலே அனுப்பியிருந்தார்கள். கேட்டதும் எனக்கு விஷயம் பிடிபட்டது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது நம் காது அடைப்பது காற்றழுத்தம் குறைவதால்தான். மேலே குளிர் என்பதால் காற்று கொஞ்சம் அடர்த்தியாகும், அதைக் கழித்துப் பார்த்தாலும் ஏற்காட்டில் ஒரு வாளிக் காற்றில் சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஆக்சிஜன் இருக்கும். பர்னரின் காற்றாடிக்கு இது தெரியாது. அதே வேகத்தில் சுற்றி, அதே வாளிக் கணக்கில்தான் தள்ளும். பம்பும் நாசிலும் அதே அளவு டீசலைக் கொடுக்கும்.

வழக்கமாகக் கணக்குப்படி தேவையானதைவிட 20 சதவீதம் போலக் காற்றைக் கூடுதலாக வைத்துத்தான் செட் செய்வோம், எல்லாத் துளிகளுக்கும் காற்று கிடைக்க வேண்டும் என்பதற்காக. சேலத்தில் வைத்த அந்தக் கூடுதலில் பாதிக்கு மேல் மலை ஏறும்போதே போய்விடுகிறது. மிச்சம் 8 சதவீதம் போல. விடியற்காலைக் குளிரில் டீசலும் கொஞ்சம் கெட்டியாகி, துளிகள் பெரிதாக விழும். பெரிய துளி, குறைந்த காற்று. அரைகுறையாக எரிந்து கரி. கரி பாய்லர் குழாயிலும் படிகிறது, கண்ணிலும் படிகிறது. ஒரு மாதத்தில் கண் குருடாகிவிட்டது.

அடுத்த நாள் மேலே போனேன். புகைபோக்கியில் ஒரு சின்னத் துளை வழியாகப் புகையைக் கைப்பம்பால் வடிதாளில் இழுத்துப் பார்ப்பது ஒரு எளிய சோதனை. தாளில் விழும் கறையை 0 முதல் 9 வரை எண் போட்ட அட்டையோடு ஒப்பிட வேண்டும். டீசலுக்கு 0 அல்லது 1 இருந்தால் நல்லது. எனக்கு 4 வந்தது. காற்று புகும் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் ஓட விட்டு, மறுபடி தாளை இழுத்தேன். மூன்றாவது தாளில் கறை தெரியாத அளவுக்கு வந்தது. நீங்களாகத் தகட்டைத் திருப்ப வேண்டாம். அளவுக்கு மீறித் திறந்தால் தீயே தாங்காமல் அணையும், சூடும் புகைபோக்கி வழியாக வீணாகும். ஆனால் சர்வீஸ் செய்ய வருபவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: காற்றை எங்கே வைத்து செட் செய்தீர்கள்? மலையில் எரியும் பர்னருக்கு மலையில்தான் செட் செய்ய வேண்டும்.

வரும்போது பர்னர் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வந்தேன். சிவப்பு எரிந்தால் தேதி, நேரம், அழுத்தியவர், எந்த நொடியில் நின்றது, தீ வந்ததா, பொறிச் சத்தம் கேட்டதா என்று எழுதிவைக்கச் சொன்னேன்.

அடுத்த அழைப்பு ஜூலையில் வந்தது, நான்கு நாள் விடாத மழைக்குப் பிறகு. அவர் நோட்டைப் பார்த்தே படித்தார். "ஒரு வாட்டிதான் அமுக்குனேன். பதிமூணுல டக். கிர்ர்னு சத்தம் கேட்டுச்சு. தீ வரல. இருபத்திமூணுல நின்னுச்சு. மெயினை அணைச்சுட்டேன். ஃபில்டர் கிண்ணத்துல அடியில கோடு தெரியுது தம்பி." டேங்க் மூடியின் வாசர் கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. கிளம்பும்போதே புது ஃபில்டர், புது நாசில், புது வாசர், தண்ணீர் வடிக்க ஒரு கேன் எல்லாம் வண்டியில் எடுத்துக்கொண்டேன். டேங்க் அடியிலிருந்து அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் வந்தது. மதியத்துக்குள் வெந்நீர் ஓடியது.